ஒட்டவைத்த ஆளுக்குத் தரையில் ஒரு நிழல்

*வெயிலில் எடுத்த குழுப் படத்தில், அன்றைக்கு வராத நண்பரை ஃபோட்டோஷாப்பில் ஓரமாகச் சேர்த்தேன். Drop Shadow கொடுத்தும் ஸ்டிக்கர் ஒட்டினது மாதிரியே இருக்கிறார். என்ன செய்வது?*

முதலில் அந்த Drop Shadow-வை நீக்கிவிடுங்கள். ஆளுக்குப் பின்னால் ஒரு சுவர் நிற்பதாக நினைத்து விழும் நிழல் அது. தரை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

நிழலின் நிறத்தை உங்கள் படமே சொல்லும். வெயில் மறைந்த இடத்திலும் வானத்தின் வெளிச்சம் விழுந்துகொண்டிருப்பதால், வெளிப்புற நிழல் சற்று நீலம் கலந்திருக்கும். கறுப்பு அடித்தால் பொய்யாகத் தெரிவது அதனால்தான். Eyedropper-இல் 5 by 5 Average வைத்து, பக்கத்தில் நிற்பவரின் நிழலையும், அதை ஒட்டிய வெயில் தரையையும் அளந்து பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் வெயில் தரை 190, 180, 165 என்றும் நிழல் 80, 82, 88 என்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். நிழல் எண்ணை வெயில் எண்ணால் வகுத்து 255-ஆல் பெருக்கினால் 107, 116, 136 கிடைக்கும். அந்த நிறத்தில் ஒரு Solid Color லேயரை நண்பரின் லேயருக்குக் கீழே போட்டு, Multiply-க்கு மாற்றுங்கள். தரையின் கல்லும் மண்ணும் நிழலுக்குள்ளும் அப்படியே தெரியும்.

அடுத்தது வடிவம். நண்பரின் லேயர் தம்ப்நெயிலை Ctrl அழுத்திக் கிளிக் செய்தால் அவர் உருவம் தேர்வாகும். அதை அந்த நிற லேயரின் மாஸ்க்காக ஆக்கி, Distort-இல் பாதத்தை நகர்த்தாமல் தலையை மட்டும் தரையில் சாயுங்கள். சாய்வும் நீளமும் பக்கத்து ஆளின் நிழலைப் பார்த்தே இருக்கட்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: நிழல் என்பது சூரியன் பார்க்கும் உருவம், கேமரா பார்க்கும் உருவம் அல்ல. பக்கவாட்டு வெயிலில் கேமராவைப் பார்த்து நிற்பவருக்கு விழுவது பக்கவாட்டு உருவம்தான். இடுப்பில் கைவைத்து நின்றால், முழங்கை விரிந்த அந்த இடைவெளி நிழலில் பெரும்பாலும் இருக்காது. மாஸ்க்கில் பிரஷ்ஷால் திருத்துங்கள்.

விளிம்பு பாதத்தருகே கூர்மையாகவும் தலைப்பக்கம் மங்கலாகவும் இருக்க வேண்டும். சூரியன் வானில் சுமார் அரை டிகிரி அகலம் கொண்டது. ஆகவே மறைக்கும் பொருளுக்கும் நிழல் விழும் இடத்துக்கும் ஒரு மீட்டர் தூரம் என்றால் விளிம்பு ஏறக்குறைய ஒரு செ.மீ. மங்கும். 1.7 மீட்டர் உயர ஆள், வெயில் 45 டிகிரி என்றால் தலையிலிருந்து அதன் நிழலுக்கு 2.4 மீட்டர் தூரம், அதாவது மங்கல் இரண்டு செ.மீ.க்குக் கொஞ்சம் கூட. படத்தில் ஆள் 850 பிக்சல் உயரம் என்றால் பத்துப் பன்னிரண்டு பிக்சல்தான். மாஸ்க்கின் அந்த முனையை மட்டும் Blur கருவியால் தேய்த்தால் போதும். பலரும் இதைவிட அதிகமாகவே மங்கவைக்கிறார்கள்.

செருப்புக்கு அடியில் வான வெளிச்சமும் புகாது. அங்கே மெல்லிய கோடாக இன்னொரு அடர்ந்த நிழல் வரையுங்கள். ஆள் தரையில் இறங்குவது அந்தக் கோட்டால்தான்.

கடைசியாக, புது நிழல் பழைய நிழல் மேல் ஏறுகிறதா என்று பாருங்கள். அங்கே ஏற்கெனவே வெயில் இல்லை, மறுபடி மறைக்க ஒன்றுமில்லை. Multiply அந்த இடத்தை இரட்டிப்பாகக் கறுக்க வைத்திருக்கும். மாஸ்க்கில் அந்தப் பகுதியைக் கறுப்பால் அழித்துவிடுங்கள்.