ஒரே போன், இரண்டு கணக்கு, இரண்டு சத்தம்

கேள்வி: சொந்தக் கணக்கும் அலுவலகக் கணக்கும் ஒரே ஆண்ட்ராய்டு போனில்தான் இருக்கின்றன. நோட்டிஃபிகேஷன் வந்தால் எது எதற்கு என்றே தெரியவில்லை. குழம்பாமல் வைத்துக்கொள்ள வழி உண்டா?

நான் முதலில் போனோடு வந்த இரட்டைச் செயலி வசதியில்தான் இரண்டாவது வாட்ஸ்அப்பைப் போட்டேன். இரண்டு நோட்டிஃபிகேஷனுக்கும் ஒரே சத்தம். ஐகானின் ஓரத்தில் இருக்கும் சின்னக் குறி ஒன்றுதான் வித்தியாசம். ஒருநாள் மாலை தம்பிதான் கேட்கிறான் என்று நினைத்து, நோட்டிஃபிகேஷனிலேயே "சரிடா, ராத்திரி பேசலாம்" என்று தட்டி அனுப்பிவிட்டேன். போனது என் மேலாளருக்கு. அவர் சிரித்துவிட்டார், நான் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆண்ட்ராய்டிலேயே இருக்கும் ஒர்க் புரொஃபைலுக்கு மாறினேன். போனுக்குள் தனியாக ஓர் அறை கட்டுவது போலத்தான். அங்கே போடும் செயலிகளுக்குத் தனிக் கணக்கு, தனிச் சேமிப்பு. ஐகானிலும் நோட்டிஃபிகேஷனிலும் ஒரு கைப்பெட்டிக் குறி இருக்கும். உங்கள் நிறுவனம் ஏற்கெனவே இதைப் போட்டுக் கொடுத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் F-Droid என்ற திறந்த மூலச் செயலிக் கடையில் கிடைக்கும் Shelter என்ற திறந்த மூலச் செயலி அதை உருவாக்கித் தரும். அதைத் திறந்து, கேட்கும் அனுமதிகளைக் கொடுத்தால் புரொஃபைல் தயாராகிவிடும். பிறகு பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தொட்டு, அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்து, அதில் அலுவலக எண்ணைப் பதிவு செய்யுங்கள். சில நிறுவனங்கள் ஆண்ட்ராய்டை நிறைய மாற்றிவிடுவதால் அவற்றின் போன்களில் Shelter தகராறு செய்யும். அப்படியானால் மல்லுக்கட்ட வேண்டாம்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கைப்பெட்டிக் குறி கண்ணுக்குத்தான் உதவும், போன் சட்டைப் பையில் இருக்கும்போது என்ன பயன்? காதுக்கும் வித்தியாசம் வேண்டும். செட்டிங்ஸில் ஒலிப் பக்கத்தின் அடியில் `Work profile sounds` என்று ஒரு பகுதி இருக்கும் (சில போன்களில் இடம் மாறியிருக்கலாம்). அதில் `Use personal profile sounds` ஆன் ஆகி இருந்தால் அணைத்துவிடுங்கள். உடனே அலுவலகப் பக்கத்துக்கென்று தனி நோட்டிஃபிகேஷன் ஒலியைத் தேர்ந்தெடுக்க முடியும். நான் ஒரு மரத்தட்டு ஒலியை வைத்திருக்கிறேன், சொந்தப் பக்கத்தில் மணியொலி. ஒரு வாரத்தில் கை தானாகப் பழகிவிட்டது: மணி அடித்தால் எடுக்கிறேன், மரம் தட்டினால் மணி என்ன என்று பார்க்கிறேன். தனக்கென்று சொந்த ஒலி வைத்திருக்கும் செயலிகள் இதற்குக் கட்டுப்படாது. அவற்றின் ஒலியை மட்டும் அந்தந்தச் செயலியின் நோட்டிஃபிகேஷன் பக்கத்தில் போய் மாற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் செயலிப் பட்டியலின் அலுவலகப் பக்கத்தில் இருக்கும் இடைநிறுத்தப் பொத்தானை அழுத்துகிறேன். ஐகான்கள் சாம்பல் நிறமாகிவிடும். இது வெறும் சைலன்ட் இல்லை, அந்தச் செயலிகள் ஓடுவதே நின்றுவிடும். இரவில் அவசரத்துக்கு அலுவலக வாட்ஸ்அப்பில் அழைத்தாலும் உங்களுக்குத் தெரியாது. அதனால் என் குழுவிடம், அவசரமென்றால் சாதாரண அழைப்பாகவே கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னும் குழப்பம் வரக்கூடிய இடம், படங்களைப் பகிர்வது. சொந்தக் கேலரியிலிருந்து பகிரும்போது மேலே சொந்தம், அலுவலகம் என்று இரண்டு பிரிவுகள் தெரியும். அவசரத்தில் எதைத் தொடுகிறோம் என்று ஒரு நொடி பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்கு வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஒர்க் புரொஃபைலை நீக்கினால் அதற்குள் இருக்கும் எல்லாம் போய்விடும், அங்கே வைத்த வாட்ஸ்அப் உரையாடல்கள் உட்பட. நிறுவனம் போட்டுத் தந்த புரொஃபைல் என்றால் அந்தப் பக்கத்தை அவர்களே தூரத்திலிருந்து அழிக்கவும் முடியும். ஆகவே குழந்தையின் படம், வங்கி ரசீது போன்ற சொந்த விஷயங்கள் எதையும் அங்கே வைக்காதீர்கள்.

இரண்டு மின்னஞ்சல் மட்டும்தான் பிரச்சினை என்றால் இவ்வளவு வேலையே வேண்டாம். செட்டிங்ஸில் ஜிமெயில் செயலியின் நோட்டிஃபிகேஷன் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி வகைகள் இருக்கும், அங்கேயே ஒலியைப் பிரித்துவிடலாம். பதில் அனுப்பும் முன் மேலே அனுப்புநர் முகவரியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.