பயோவில் எழுதினால் போதாதா? ரசிகர் கணக்கும் நையாண்டிக் கணக்கும் முடங்கும் கதை

கடந்த சில வாரங்களில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: "நான் யாரையும் ஏமாற்றவில்லை, ஏன் முடக்கினார்கள்?" எனவே இந்த முறை அந்த வகைக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எக்ஸ் தளத்தில் ஆறு வருடமாக ஒரு நடிகருக்கு ரசிகர் கணக்கு நடத்துகிறேன். ரசிகர்கள் நடத்தும் பக்கம் என்று பயோவில் தெளிவாகவே போட்டிருக்கிறேன். அப்படியும் ஆள்மாறாட்டம் என்று முடக்கிவிட்டார்கள். நான் எப்போது சார் அவராக நடித்தேன்?

உங்கள் பயோவை யார் படித்தார்கள் என்று யோசியுங்கள். ஒரு பிரபலத்தின் பதிவுக்குக் கீழே நீங்கள் போட்ட பதிலை பஸ்ஸில் நின்றுகொண்டு ஒருவர் போனில் பார்க்கிறார். அவர் கண்ணில் படுவது சுண்டுவிரல் நகம் அளவு வட்டப் படம், பக்கத்தில் பெயரின் முதல் சில எழுத்துகள், அவ்வளவுதான். பயோவைப் பார்க்க உங்கள் பக்கத்துக்குள் வரவேண்டும். யாரும் வருவதில்லை.

உங்கள் நடிகர் பெயர் இளமாறன் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டின் பாணியில் கணக்கின் பெயர் இப்படி இருக்கும்:

`Ilamaran Official Fans Club TN`

இடம் போதாத இடங்களில் எக்ஸ் பெயரின் வாலை வெட்டிவிடும். அப்போது இப்படித் தெரியும்:

`Ilamaran Official…`

"Fans" என்ற சொல் காணாமல் போய்விட்டது. மிச்சம் இருப்பது நடிகரின் பெயரும் "Official" என்ற சொல்லும். கூடவே அவருடைய சொந்தப் பக்கத்தில் இருக்கும் அதே புகைப்படம். புகாரைப் பார்க்கிற ஆளுக்கும் இதுதான் தெரியும்.

இதனால்தான் 2025 ஏப்ரல் 10 முதல் எக்ஸ் விதியை இறுக்கியது. `parody`, `fake`, `fan`, `commentary` போன்ற சொல் பெயரின் தொடக்கத்திலேயே வரவேண்டும். அசல் ஆளின் அதே புரொஃபைல் படத்தை வைக்கக் கூடாது. ஆகவே `Fan | Ilamaran TN` என்று மாற்றுங்கள். விதி எடுத்துக்காட்டும் சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் "ரசிகர்" என்பதை மட்டும் நம்பாதீர்கள், ஆங்கிலச் சொல்லை முன்னால் வையுங்கள். படத்துக்கு யாராவது வரைந்த ஓவியம் போதும். "Official" என்பதைத் தூக்கி எறியுங்கள். மன்றம் பதிவு பெற்றதாகவே இருக்கலாம், அது படிக்கிறவருக்குத் தெரியாது.

நான் நடத்துவது அரசியல் நக்கல் கணக்கு. படித்தாலே நையாண்டி என்று தெரியும். "parody" என்று நெற்றியில் ஒட்டிக்கொண்டால் ஜோக்கே செத்துவிடாதா?

பாதி செத்துவிடும்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "படித்தாலே தெரியும்" என்பது எவ்வளவு தூரம் உண்மை?

2022 நவம்பர் 10. மாதம் எட்டு டாலர் கொடுத்தால் ட்விட்டரில் யாருக்கும் நீல டிக் கிடைத்த நாட்கள் அவை. அமெரிக்க மருந்து நிறுவனமான எலி லில்லியின் பெயரில், அந்த டிக்கோடு ஒரு கணக்கு "இன்சுலின் இனி இலவசம்" என்ற பொருளில் ஒரே ஒரு வரி போட்டது. இன்சுலின் விலையால் அங்கே மக்கள் படும் பாடு தெரிந்தவருக்கு அது கூர்மையான நக்கல். ஆனால் அந்தப் பதிவில் சிரிக்க எதுவும் இல்லை, அறிவிப்பு போலவே இருந்தது. நிறுவனம் மன்னிப்பு கேட்டு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. மறுநாள் அதன் பங்கு 4 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. அதற்கு இந்தப் பதிவு மட்டுமே காரணமா என்பதில் இன்றும் சண்டை உண்டு. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. போலியின் முகவரி `@EliLillyandCo`, அசலின் முகவரி `@LillyPad`. எது அசல் என்று கேட்டால் நானே தவறாகச் சொல்லியிருப்பேன்.

நம் ஊர்க் கதையும் உண்டு. 2012 ஆகஸ்டில் பிரதமர் அலுவலகம், தன் `@PMOIndia` கணக்கைப் போலவே இருந்த ஆறு கணக்குகள் பற்றி ட்விட்டரிடம் புகார் செய்தது. அப்போது அடிபட்ட முகவரிகளில் ஒன்றில் O எழுத்துக்குப் பதில் பூஜ்யம் இருந்தது. கிண்டலுக்குப் பூஜ்யம் எதற்கு? எழுத்தை மாற்றி ஒளிவது நையாண்டி செய்பவரின் வேலை அல்ல, அதைப் பார்த்தாலே எனக்கும் சந்தேகம்தான் வரும்.

நையாண்டிக்கு லேபிள் தேவையில்லை என்று வாதாடியவர்களும் உண்டு. 2016இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பார்மா நகரக் காவல்துறையின் பெயரிலும் படத்திலும் ஆந்தனி நோவாக் என்பவர் ஒரு ஃபேஸ்புக் பக்கம் தொடங்கினார். பக்கம் ஓடியது சுமார் 12 மணி நேரம். கைதாகி, நான்கு நாள் சிறையில் இருந்து, விசாரணையில் விடுதலையானார். பிறகு காவல்துறை மீது அவர் வழக்குப் போட்டபோது, நையாண்டிக்குப் பேர்போன 'தி ஆனியன்' அவருக்கு ஆதரவாக உச்ச நீதிமன்றத்தில் மனுவே போட்டது: முதலிலேயே "இது ஜோக்" என்று சொன்னால் நையாண்டி எப்படி வேலை செய்யும் என்று. அவர் வழக்கு தோற்றது. 2023இல் உச்ச நீதிமன்றம் அதை எடுக்க மறுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தை உறுத்திய இடத்தைக் கவனியுங்கள்: "இது போலிப் பக்கம்" என்று வாசகர்கள் போட்ட கமெண்ட்களை அவர் அழித்தார், போலிப் பக்கம் பற்றிக் காவல்துறை விட்ட எச்சரிக்கையைத் தன் பக்கத்திலும் எடுத்துப் போட்டார். ஜோக்கைக் காப்பாற்றத்தான் செய்தார். பார்ப்பவருக்கு அது ஏமாற்றைக் காப்பாற்றுவதாகத் தெரிந்தது.

ஆகவே, "இது உண்மையா அண்ணா?" என்று யாராவது கேட்டால் அந்தக் கமெண்டை அழிக்காதீர்கள். அதற்கு இன்னொரு நக்கலால் பதில் சொல்லுங்கள்.

ஒரு பாடகிக்கு ரசிகர் சேனல் நடத்துகிறேன். யூடியூப் சேனல் பெயரிலேயே "fans" என்று இருக்கிறது. அப்படியும் நடவடிக்கை. ஏன்?

2023 ஆகஸ்ட் 21 முதல் ரசிகர் சேனல் என்பது சேனல் பெயரிலோ ஹேண்டிலிலோ தெரிய வேண்டும் என்பது விதி. அது உங்களிடம் சரி. ஆனால் உங்கள் சேனலில் உள்ளவை எல்லாம் அந்தப் பாடகியின் சேனலிலிருந்து இறக்கி மறுபடி ஏற்றியவை. ரசிகர் என்று பெயர் வைத்துக்கொண்டு அசலின் வீடியோக்களையே போடுவதையும் யூடியூப் ஆள்மாறாட்டத்தில்தான் சேர்க்கிறது. பெயரை மாற்றிப் பயனில்லை, சரக்கை மாற்றுங்கள்.

நடிகர் பெயரில் ரசிகர் கணக்கு நடத்துவதால் போலீஸ் கேஸ் வருமா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66D பிரிவு, கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. வெறும் கிண்டலோ ரசிகர் பக்கமோ அதற்குள் எளிதில் வராது. ஆனால் உங்கள் பின் செய்த பதிவில் பிறந்தநாள் கட்-அவுட்டுக்கு என்று யுபிஐ கியூஆர் கோடு இருக்கிறதே, அதுதான் ஆபத்து. நடிகரின் முகம், அவர் பெயர், கீழே பணம் கேட்கும் கட்டம்: பணம் போட்டவர் நடிகரே கேட்டதாக நினைத்தார் என்று ஒருவர் சொன்னால் போதும், ரசிகர் கணக்கு வழக்கு ஆகிவிடும். முதல் நாள் டிக்கெட் விற்பதும் அப்படித்தான். வசூல் செய்தே ஆகவேண்டும் என்றால் மன்றப் பொறுப்பாளர் தன் சொந்தப் பெயரில், சொந்தக் கணக்கில் செய்யட்டும்.

முடங்கிய கணக்கை மீட்க என்ன எழுத வேண்டும்?

உள்ளே போக முடிந்தால் முதலில் பெயரையும் படத்தையும் மாற்றுங்கள், அப்புறம் மனு. மாற்றாமல் அனுப்பினால் பார்க்கிறவர் கண்ணில் அதே பழைய கணக்குதான் படும். ஆறு வருட உழைப்பு, அன்பு என்றெல்லாம் எழுத வேண்டாம். பழைய பெயர் இது, புதிய பெயர் இது, படம் மாற்றியாயிற்று, அவர் சார்பில் பேசியதில்லை: நான்கு வரி போதும். பதில் வருவதற்குள் அவசரப்பட்டு இரண்டாவது கணக்கு திறந்தால் தடையைத் தாண்டியதாக அதையும் முடக்குவார்கள்.

தளத்தின் இந்தியக் குறைதீர் அலுவலரும் கைவிரித்தால், அவர் பதில் கிடைத்த 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு `gac.gov.in` வழியாக விண்ணப்பிக்கலாம். அப்போது பழைய பெயரின் ஸ்கிரீன்ஷாட்டும் புதியதும் அருகருகே கையில் இருக்கட்டும். இப்போதே எடுத்து வையுங்கள், பெயரை மாற்றிய பிறகு பழையது கிடைக்காது.