பயோவில் 'நான்' என்று எழுதுவதா, 'இவர்' என்று எழுதுவதா?

கேள்வி: 2013-லிருந்து பாலங்களைப் பரிசோதிக்கும் பொறியாளராக இருக்கிறேன். ஒரு கருத்தரங்கில் பேசக் கூப்பிட்டு, என்னைப் பற்றி ஒரு பயோ கேட்கிறார்கள். லிங்க்ட்இனில் 'நான்' என்று எழுதி வைத்திருப்பதை அப்படியே அனுப்பலாமா? என்னைப் பற்றி நானே 'இவர்' என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

பதில்:

அப்படியே அனுப்பாதீர்கள், 'இவர்' என்று மாற்றி அனுப்புங்கள். கூச்சத்துக்கும் வழி இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

நான் பதிப்பு வேலை பார்ப்பவன். கருத்தரங்குகளுக்கான நிகழ்ச்சிக் கையேடுகளையும் தொகுத்துக் கொடுப்பதுண்டு. ஒரே கையேட்டுக்கு 'நான்' என்று சில பயோக்கள் வரும், 'இவர்' என்று சில வரும், இரண்டும் கலந்துகட்டியும் வரும். அவற்றைச் சரிசெய்யும்போது ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொள்வேன்: இந்த வரிகள் யார் வாயிலிருந்து வரப்போகின்றன? கையேடு என்றால் அதை வெளியிடுகிற அமைப்பு உங்களைப் பற்றிச் சொல்கிறது. மேடை என்றால் தொகுப்பாளர் சொல்கிறார். புத்தகத்தின் பின்னட்டையில் பதிப்பாளர் சொல்கிறார். அங்கெல்லாம் 'இவர்'தான் பொருந்தும். லிங்க்ட்இனில் உங்கள் படத்துக்கும் பெயருக்கும் கீழே இருப்பது உங்கள் குரல், அங்கே 'நான்' இயல்பாக இருக்கும். முறையான நடை, நட்பான நடை என்று பார்த்து முடிவு செய்வதைவிட இப்படிப் பார்ப்பது எளிது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல்முறை ஒரு மேடையில் பேசப் போனபோது, என் பயோவை 'நான்' நடையிலேயே அனுப்பியிருந்தேன். தொகுப்பாளர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தார்: "பதினோரு ஆண்டுகளாகப் பதிப்புத் துறையில் பணியாற்றி, நாற்பதுக்கும் மேற்பட்ட நூல்களைச் செம்மைப்படுத்தியிருக்கி..." அங்கே நின்றுவிட்டார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு "...றார்" என்று முடித்தார். அரங்கமே சிரித்தது. அடுத்த வாக்கியத்தில் அவர் இன்னும் எச்சரிக்கையாகி, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியையும் முதலில் பார்த்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். கேட்கவே பாவமாக இருந்தது.

தவறு அவருடையது இல்லை. தமிழில் பேசுகிறவர் யார் என்பதை வினையின் கடைசி அசைதான் காட்டிக்கொடுக்கும். 'நான்' என்ற சொல்லை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம், வினையோ வாக்கியத்தின் கோடியில் நிற்கிறது. ஆங்கிலத்தில் எழுவாய் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால் படிப்பவருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும், போகிற போக்கில் மாற்றிக்கொள்ளலாம். தமிழில் பத்துச் சொல் படித்த பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரியும். அதனால் யாராவது சத்தமாகப் படிக்கப்போகிற பயோவை, மாற்றும் வேலையை அவர்களிடம் விடாமல், நாமே 'இவர்' நடையில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

இனி கூச்சம். அது உங்களுக்கு மட்டும் வருவதில்லை, தமிழின் அமைப்பே அதைக் கொஞ்சம் தூண்டிவிடுகிறது. தன்னைப் பற்றி எழுதும்போது 'அவன்', 'அவள்' என்று எழுத முடியாது. 'அவர்', 'இவர்' என்று எழுதினால் 'செய்தார்', 'பெற்றார்' என்று வினையிலும் மரியாதை ஏறிவிடுகிறது. நமக்கு நாமே மாலை போட்டுக்கொள்கிற மாதிரி இருக்கும். ஆனால் கையேட்டில் அந்த 'ஆர்' விகுதியைப் போடுவது நீங்கள் இல்லை, உங்களை அழைத்தவர்கள். அவர்கள் எழுதவேண்டியதை அவர்கள் வேலை மிச்சமாகட்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். 'திரு', 'திருமதி' போன்ற முன்னொட்டுகளை மட்டும் நீங்களே போட வேண்டாம். வேண்டுமானால் அவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால், சில வாக்கியங்களை வினை இல்லாமல் பெயரிலேயே முடியுங்கள். 'பாலப் பரிசோதனைப் பொறியாளர்' என்று முற்றுப்புள்ளி வைத்தால் அதுவே முழு வாக்கியம், விகுதிச் சிக்கலே இல்லை. இல்லையென்றால் உங்கள் வேலையை எழுவாயாக்குங்கள்: 'இவருடைய கட்டுரை வெளியாகியிருக்கிறது' என்னும்போது வினை கட்டுரைக்குப் போய்விடும். எல்லா வாக்கியத்தையும் இப்படி மாற்றினால் தந்தி படிப்பதுபோல ஆகிவிடும் என்பதால், ஒன்றிரண்டு 'ஆர்' இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, ஒன்றை மாற்றிப் பார்ப்போம். உங்கள் லிங்க்ட்இன் குறிப்பை நான் பார்த்ததில்லை. நீங்கள் சொன்னதை வைத்து, மற்றதை நானே கற்பனை செய்து எழுதுகிறேன்:

"பழைய பாலங்கள் இன்னும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. 2013-லிருந்து இதைத்தான் செய்கிறேன். கான்கிரீட்டில் விழும் விரிசல்களில் எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதில் எனக்குத் தனி ஆர்வம். விரிசல் படம் ஒன்றை வைத்துக்கொண்டு குழம்பினால் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்."

லிங்க்ட்இனுக்கு இது நன்றாகவே இருக்கிறது. அங்கே அறிமுகப் பகுதிக்கு 2,600 எழுத்துக்குறிகள் வரை இடமுண்டு, ஆகையால் இன்னும் கொஞ்சம் பேசவும் செய்யலாம். இப்போது விகுதிகளை மட்டும் மாற்றிப் பாருங்கள்:

"பழைய பாலங்கள் இன்னும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்துச் சொல்வது இவர் வேலை. 2013-லிருந்து இதைத்தான் செய்கிறார்..."

'இதைத்தான் செய்கிறேன்' என்று நீங்கள் சொன்னபோது அடக்கமும் பிடிப்பும் தெரிந்தன. 'இதைத்தான் செய்கிறார்' என்று அடுத்தவர் சொன்னால், இவ்வளவு வருடமாக வேறொன்றும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற குறை மாதிரி கேட்கிறது. கடைசி வரியும் கெட்டுவிடும். 'இவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்' என்று கருத்தரங்க அமைப்பு ஏன் சொல்ல வேண்டும்? 'நான்' நடையில் உயிராக இருப்பவை, அதாவது தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வது, வாசகரை நேராகக் கூப்பிடுவது, ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்ற கதை, இவை எதுவும் விகுதி மாற்றத்தைத் தாங்காது. அதனால்தான் மாற்றி எழுதுவதைவிடப் புதிதாக எழுதுவது நல்லது:

"இன்னார், பாலப் பரிசோதனைப் பொறியாளர். 2013 முதல் பழைய கான்கிரீட் பாலங்களின் தாங்குதிறனை மதிப்பிட்டு வருகிறார். விரிசல்களின் அகலமும் போக்கும் காலப்போக்கில் எப்படி மாறுகின்றன என்று அளந்து, அவற்றில் ஆபத்தானவற்றை இனம்காண்பது இவருடைய தனிக் கவனம். இந்த அமர்வில், கண்ணால் பார்த்து எடுக்கும் முடிவுகள் எங்கே தவறுகின்றன என்பது பற்றிப் பேசுகிறார்."

'இன்னார்' இருக்கும் இடத்தில் உங்கள் பெயர். பெயருக்குப் பிறகு 'என்பவர்' என்று சேர்க்காதீர்கள், விபத்துச் செய்தியில் வருகிற ஆள்போல ஆகிவிடுவீர்கள். 'இவர்' என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள். மேலே ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எனக்கு வருகிற பயோக்களில் அடிக்கடி பார்ப்பது, ஒவ்வொரு வாக்கியமும் 'இவர்' என்று தொடங்குவது. தமிழில் அது தேவையே இல்லை, விகுதியே ஆளைச் சொல்லிவிடும்.

இன்னொன்று கவனித்திருப்பீர்கள். அந்தக் குறிப்பில் 'சிறந்த', 'புகழ்பெற்ற', 'ஆழ்ந்த அனுபவம் மிக்க' எதுவும் இல்லை. 'இவர்' நடையில் எழுதும்போது கை தானாக அந்தப் பக்கம் போகும், ஏனென்றால் சொல்வது வேறொருவர் என்ற திரை கிடைத்துவிடுகிறது. ஆனால் பேச்சாளர்களின் பயோவை அவரவரே எழுதுவது வழக்கம் என்பது எல்லாருக்கும் தெரியும். பட்டம், ஆண்டு, வெளியீடு, பொறுப்பு என்று யாரும் சரிபார்த்துக்கொள்ளக் கூடியவை இந்த நடையில் கம்பீரமாக நிற்கும். உண்மையில் ஒரு விருதைப் பற்றிச் சொல்ல 'நான்' நடையைவிட 'இவர்' நடைதான் வசதி. பாராட்டுச் சொற்களை வேண்டுமானால் உங்களை அழைத்தவர்கள் சேர்த்துக்கொள்வார்கள்.

சொந்த இணையதளம் இருந்தால் இரண்டையும் வைத்துவிடுவேன். அறிமுகப் பக்கம் 'நான்' நடையில், அதற்கு அடியில் 'நிகழ்ச்சிகளில் பயன்படுத்த' என்று தலைப்பிட்டு 'இவர்' நடையில் ஒரு பத்தி. அது இல்லாவிட்டால் அமைப்பாளர்கள் உங்கள் அறிமுகத்திலிருந்து அவர்களே வெட்டி எடுத்து மாற்றுவார்கள், எங்காவது ஒரு 'எனது' தப்பி அச்சாகிவிடும். நிறுவனத்தின் குழுப் பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம், மற்றவர்களுடையது எப்படி இருக்கிறதோ அப்படியே. வேலைக்கு அனுப்பும் சுயவிவரத்தில் இரண்டுமே வேண்டாம், 'பாலங்களின் தாங்குதிறன் மதிப்பீடு, 2013 முதல்' என்பதுபோலப் பெயர்த் தொடர்களே போதும்.

அனுப்புவதற்கு முன் கணினியில் 'ேன்' என்று தேடுங்கள், தப்பிய தன்மை வினைகள் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். அப்புறம் 'எனது', 'எனக்கு', 'எங்கள்' என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். 'என்' என்று மட்டும் தேடினால் 'என்று', 'என்ற' எல்லாம் வந்து குவியும், கண்ணால் பார்ப்பதே மேல். '12 ஆண்டு அனுபவம்' போன்றவற்றை '2013 முதல்' என்று மாற்றிவிடுங்கள். கையேடுகள் பல வருடம் இணையத்தில் கிடக்கும், 'தற்போது' என்ற சொல்தான் முதலில் பொய்யாகும்.

ஆங்கிலத்திலும் பயோ கேட்டார்கள் என்றால் அதையும் நீங்களே எழுதுங்கள். 'இவர்' ஆணா பெண்ணா என்று சொல்லாது, ஆங்கிலத்தில் பெரும்பாலும் சொல்லியாக வேண்டியிருக்கும். பெயரை வைத்து ஊகித்து மாற்றிப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்ட அனுபவம் எனக்கு இரண்டு முறை உண்டு.