என்பி-கம்ப்ளீட்: 17-ஐக் கூட்டிப் பார்த்தால் புரியும்

கேள்வி: என்பி-கம்ப்ளீட்னா என்ன? ரிடக்‌ஷன் எந்தத் திசையில போகணும்?

ஒரு கணக்கு என்பி-கம்ப்ளீட் ஆகவேண்டுமானால், அதன் விடையைக் கொடுத்தால் சீக்கிரம் சரிபார்க்க முடியவேண்டும் (அதுதான் என்பி). என்பி-யில் உள்ள எந்தக் கணக்கையும் வேகமாக இதுவாக மாற்றவும் முடியவேண்டும். இந்த மாற்றம்தான் ரிடக்‌ஷன்.

3, 5, 8, 14-இல் சிலவற்றைக் கூட்டி 17 வருமா? இதுதான் சப்செட் சம். 3+14 என்று சொல்லிவிட்டால் சரிபார்க்க நொடி போதும். ஒவ்வொன்றாகத் தேடினால் n எண்களுக்கு 2^n கூட்டங்கள். இது என்பி-கம்ப்ளீட் என்று ஏற்கெனவே நிரூபித்தாயிற்று.

எண்களை இரு சம பங்காகப் பிரிக்கும் பார்ட்டிஷனும் அப்படித்தானா? நம் எண்களின் மொத்தம் 30. கூடவே 30+17=47, 60−17=43 இரண்டையும் போடுங்கள். இப்போது மொத்தம் 120, பங்குக்கு 60. 47-ம் 43-ம் ஒரே பங்கில் அடங்காது. எனவே 43 உள்ள பங்கில் மீதி 17 பழைய எண்களிலிருந்தே வந்தாகவேண்டும். பார்ட்டிஷனுக்கு வேகமான வழி கிடைத்தால் சப்செட் சமும் தீர்ந்தது.

ஆக, கடினம் என்று தெரிந்த கணக்கைப் புதிய கணக்காக மாற்றவேண்டும். தேர்வில் இதைத் தலைகீழாக எழுதி மார்க்கைக் கோட்டை விட்டவன் நான்.