குடை பிடித்த மணமக்கள்

கேள்வி: கடலூரில் அப்பாவின் ஜவுளிக்கடை. பண்டிகை, கல்யாணம், மழை, பரீட்சை என்று ஒரு வருடத்துக்கான விளம்பரப் படங்களை எப்படித் திட்டமிடுவது?

ஜனவரியில் தொடங்கி மாதம் ஒரு படம் என்று கட்டம் போட்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் போட்டேன். மஞ்சக்குப்பத்தில் எங்களுடையதும் ஜவுளிக்கடைதான்.

முதலில் தமிழ் மாதத்துக்கு மாறுங்கள். படம் போகவேண்டியது கல்யாணம் நடக்கும் மாதத்தில் இல்லை, புடவை எடுக்கும் மாதத்தில். வைகாசி முகூர்த்தத்துக்குச் சித்திரையிலேயே கூறைப்புடவை எடுத்துவிடுவார்கள். ஆவணிக் கல்யாணத்துக்குத்தான் சிக்கல். நடுவில் ஆடி வருகிறது. ஆடித் தள்ளுபடிப் படத்தோடு பட்டுப்புடவையைச் சேர்த்துப் போட்டால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆடிப்பெருக்கு வரை தள்ளுபடி, அன்றிலிருந்து கல்யாணப் படம் என்று பிரித்த பிறகு எங்களுக்குச் சரியாக வந்தது. பெரிய கடைகள் வேறு மாதிரி செய்யலாம், எனக்கு அது தெரியாது.

பரீட்சைக்கு வாழ்த்துப் படம் வேண்டாம். மார்ச்சில் பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டில் அம்மா கடைத்தெருவுக்கே வரமாட்டார். அந்தச் செலவை மே மாதச் சீருடைத் துணிக்கு வையுங்கள்.

இனி மழை. நான் அடிபட்டது இதில்தான். 2024 கார்த்திகைக்கு ஒரே குடைக்குள் மணமக்கள் சிரிப்பது போல ஒரு படம், மேலே 'மழையோடு வரும் மங்கலம்' என்று எழுத்து. ஃபேஸ்புக்கில் தேதி குறித்து வைத்துவிட்டு மறந்துபோனேன். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஊருக்குள் புகுந்த நேரத்தில், அந்தப் படம் தானாகவே வெளியானது. வாடிக்கைக்கார அம்மா ஒருவர் தன் வீட்டுக் கூடத்தில் மிதக்கும் பாயைப் படமெடுத்து, "எங்க வீட்டுக்கும் மங்கலம் வந்துடுச்சு தம்பி" என்று கீழே போட்டிருந்தார். அதை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. எங்கள் படத்தைத்தான் நீக்கினேன்.

இப்போது ஐப்பசி, கார்த்திகைக்கு எதையும் தேதி குறித்து வைப்பதில்லை. தினமும் காலையில் வானிலை பார்த்துவிட்டுக் கையால்தான் போடுகிறேன். மழைக்குக் குடையும் சிரிப்பும் கிடையாது. சீக்கிரம் காயும் பாலியஸ்டர் புடவை, துண்டு, போர்வை, விலை, அவ்வளவுதான். படமே இல்லாமல் 'இன்று கடை திறந்திருக்கும் நேரம்' என்று எழுதிய அட்டை ஒன்றும் தயாராக இருக்கும். தீபாவளிப் படத்தை ஆவணி வெயிலிலேயே எடுத்துவிடுகிறோம், ஆனால் வாசல் கோலத்தில் வைத்து எடுப்பதில்லை. தீபாவளி வருவதே அடைமழையில். கோலம் எங்கே நிற்கும்? கூடத்துக்குள் குத்துவிளக்கு பக்கத்தில் எடுத்தால் மழை பெய்தாலும் பொருந்தும், பெய்யாவிட்டாலும் பொருந்தும். தலைக்கு மேல் வெறும் சுவர் விட்டு எடுங்கள், எழுத்தை மட்டும் மாற்றி மறுவருடமும் ஓட்டலாம்.

இத்தனையும் செய்தாலும், போன தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் கடை வாசலில் சாக்கடைக்கென்று பள்ளம் தோண்டினார்கள். பொங்கலுக்குத்தான் மூடினார்கள். அதற்கு எந்தப் படத்தைப் போடுவது?