காரின் சாவியில் ‘அல்’ எங்கே போனது?

கேள்வி: ஷார்ஜாவில் வேலை செய்கிறேன். மாலையில் அரபி வகுப்புக்குப் போகிறேன். ‘அந்தக் காரின் சாவி’ என்பதற்கு ‘அல்-மிஃப்தாஹ் அஸ்-ஸய்யாரா’ என்று எழுதினேன். ஆசிரியர் முதல் ‘அல்’லை அடித்துவிட்டார். நான் சொல்ல வந்தது குறிப்பிட்ட அந்தச் சாவிதானே, ‘அல்’ ஏன் வரக்கூடாது? கம்பெனியில் சிலர் ‘அல்’ போட்டுப் பேசுவதையும் கேட்டிருக்கிறேனே?

பதில்: ஆசிரியர் அடித்தது சரிதான். ஆனால் குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் ‘அல்’ போனதால் அது ஏதோ ஒரு சாவியாக மாறிவிடவில்லை. ‘மிஃப்தாஹ் அஸ்-ஸய்யாரா’ என்றாலே குறிப்பிட்ட அந்தச் சாவிதான். எந்தச் சாவி என்று காட்டும் வேலையை இப்போது பின்னால் வரும் ‘அஸ்-ஸய்யாரா’ செய்கிறது. இதிலுள்ள ‘அஸ்’ என்பதும் ‘அல்’தான், அடுத்த எழுத்துக்கு ஏற்ப ஒலி மாறியிருக்கிறது.

சாவி என்ற சொல்லை முழு உச்சரிப்போடு சொல்லிப் பாருங்கள். தனியாக நின்றால் ‘மிஃப்தாஹுன்’, அதாவது ஒரு சாவி. கடைசியில் கேட்கும் ‘ன்’தான் தன்வீன். ‘அல்’ சேர்த்தால் ‘அல்-மிஃப்தாஹு’, ‘ன்’ போய்விடுகிறது. பின்னால் உடைமைக்காரரைச் சேர்த்தால் ‘மிஃப்தாஹுஸ் ஸய்யாரத்தி’. இங்கே ‘ன்’னும் இல்லை, ‘அல்’லும் இல்லை. தன்வீன், ‘அல்’, பின்னால் வரும் உடைமைக்காரர் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் அரபிப் பெயர்ச்சொல் ஒரு நேரத்தில் ஏற்கும்.

இந்த இணைப்புக்கு இளாஃபத் என்று பெயர். முதல் சொல் முளாஃப், இரண்டாவது முளாஃப் இலைஹி. தமிழில் உடையவர் முன்னால் வருவார், அரபியில் பின்னால். முளாஃப் தன்னளவில் முடியாத சொல். அடுத்த சொல் வந்தால்தான் முழுமையாகும். சொல் முடிந்துவிட்டது என்று காட்டும் தன்வீன் அதனால்தான் அங்கே ஒட்டாது. ‘அல்’ வராததற்குக் காரணம் வேறு. எந்தச் சாவி என்பதைக் கார் ஏற்கெனவே சொல்லிவிட்டது. ஒரே சொல்லை இரண்டு வழியில் குறிப்பிட்டதாக்குவதில்லை. ‘என் சாவி’ என்பது ‘மிஃப்தாஹீ’. அதன் முன்னாலும் ‘அல்’ போட முடியாது என்று நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். இரண்டும் ஒரே விதிதான்.

‘அல்’ இல்லாமலே ஒரு சொல் குறிப்பிட்டதாக இருக்க முடியும் என்பதற்குச் சான்று துபாய் விமான நிலையத்தின் பெயரிலேயே இருக்கிறது. ‘மதார் துபய் அத்-துவலீ’. மதார் என்றால் விமான நிலையம், துவலீ என்றால் பன்னாட்டு. மதாருக்கு ‘அல்’ இல்லை, துபாய்க்கும் இல்லை. ஆனால் பெயரடையான துவலீக்கு முன்னால் மட்டும் ‘அல்’ வந்து ‘அத்-துவலீ’ என்று நிற்கிறது. அரபியில் குறிப்பிட்ட சொல்லைத் தழுவி வரும் பெயரடைக்குத்தான் ‘அல்’ வரும். அப்படியானால் ‘மதார்’ குறிப்பிட்ட சொல்தான். துபாய் என்ற ஊர்ப்பெயர் அதைக் குறிப்பிட்டதாக்கிவிட்டது.

இதையே உங்கள் சாவிக்குச் செய்து பாருங்கள். ‘மிஃப்தாஹ் அஸ்-ஸய்யாரா அல்-ஜதீத்’ என்றால் சாவி புதியது, ஏனென்றால் மிஃப்தாஹ் ஆண்பால். ‘மிஃப்தாஹ் அஸ்-ஸய்யாரா அல்-ஜதீதா’ என்றால் கார் புதியது, ஏனென்றால் ஸய்யாரா பெண்பால். சாவியைப் பற்றிய பெயரடையாக இருந்தாலும் அது இரண்டு சொற்களும் முடிந்த பிறகே வரவேண்டும். சாவிக்கும் காருக்கும் நடுவில் நுழைக்க முடியாது. இரண்டும் ஒரே பாலாக இருந்தால்தான் சிக்கல். ‘பாப் அல்-பைத் அல்-கபீர்’ என்றால் பெரியது கதவா, வீடா? ‘கபீரு’ என்று முடிந்தால் கதவு, ‘கபீரி’ என்று முடிந்தால் வீடு (கதவு எழுவாயாக நிற்கும்போது). உயிர்க்குறி போடாத எழுத்தில் இடத்தை வைத்துத்தான் ஊகிக்கவேண்டும், அரபிகளுக்கும் அதே பாடுதான்.

சரி, ஏதோ ஒரு கார்ச் சாவி என்று சொல்லவேண்டுமானால்? இரண்டாவது சொல்லின் ‘அல்’லை எடுத்துவிடுங்கள்: ‘மிஃப்தாஹ் ஸய்யாரா’. ‘அந்தக் காரின் சாவிகளில் ஒன்று’ என்றால் இளாஃபத் உதவாது. ‘மிஃப்தாஹ் லிஸ்-ஸய்யாரா’ என்று இடைச்சொல் போட்டுப் பிரிக்கவேண்டும். ‘கம்பெனிக் காரின் சாவி’ போல மூன்று சொல் வந்தால், கடைசிச் சொல்லுக்கு மட்டும் ‘அல்’: ‘மிஃப்தாஹ் ஸய்யாரத் அஷ்-ஷரிகா’. நடுவில் இருக்கும் ஸய்யாரா அடுத்த சொல்லுக்கு முளாஃப் ஆகிவிட்டதால் அதுவும் ‘அல்’லை இழக்கிறது. கூடவே ‘ஸய்யாரா’ என்பது ‘ஸய்யாரத்’ ஆவதையும் கவனியுங்கள். பெண்பால் ஈற்றில் மறைந்திருக்கும் ‘த்’ இளாஃபத்தில் வெளியே வரும். உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பலகையில் ‘ஜாமிஅத் அஷ்-ஷாரிகா’ என்று இருப்பதும் இதனால்தான். அங்கேயே உள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகம் ‘அல்-ஜாமிஆ அல்-அம்ரீகிய்யா ஃபிஷ்-ஷாரிகா’ என்று எழுதிக்கொள்கிறது. நடுவில் ‘இல்’ என்று பொருள்படும் ‘ஃபீ’ வந்து ஊரைப் பிரித்துவிட்டதால் ஜாமிஆவுக்கு ‘அல்’ திரும்பிவிட்டது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் இரண்டு பலகையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

தமிழ் படித்த கண்ணுக்கு இதில் தனியாக ஒரு பொறி உண்டு. பைத்துல் மால், லைலத்துல் கத்ர், அப்துல் ரஹ்மான் என்றெல்லாம் எழுதிப் பழகிவிட்டோம். அதனால் ‘உல்’ முதல் சொல்லோடு சேர்ந்தது என்று தோன்றும். உண்மையில் ‘உ’ முதல் சொல்லின் வேற்றுமை ஈறு, ‘ல்’ இரண்டாவது சொல்லின் ‘அல்’. பைத்து + அல்-மால். (பாஸ்போர்ட்டில் ‘அப்துல்’ தனிப் பெயராக நிற்பது இந்தக் குழப்பத்தில்தான்.) இன்னொன்று, ‘உல்’ இருப்பதெல்லாம் இளாஃபத் இல்லை. மஸ்ஜிதுல் ஹராம் என்று நாம் சொல்வது அரபியில் ‘அல்-மஸ்ஜிதுல் ஹராம்’, முன்னாலும் ‘அல்’ உண்டு. ஹராம் இங்கே பள்ளிவாசலின் உடைமைக்காரர் இல்லை, அதன் பெயரடை. மதீனாவில் இருப்பது ‘அல்-மஸ்ஜிதுந் நபவீ’, இதுவும் பெயரடை. ஆனால் ‘நபியின் பள்ளிவாசல்’ என்று சொன்னால் ‘மஸ்ஜிதுந் நபீ’, அது இளாஃபத், முன்னால் ‘அல்’ வராது. இரண்டு சொல் சேர்ந்து வந்தால் ‘இரண்டாவது உடைமைக்காரரா, தன்மையா?’ என்று கேட்டுப் பாருங்கள். தன்மை என்றால் இரண்டுக்கும் ‘அல்’, உடைமைக்காரர் என்றால் பின்னதற்கு மட்டும்.

கம்பெனியில் நீங்கள் கேட்டது பெரும்பாலும் ‘அல்-மிஃப்தாஹ் மால் அஸ்-ஸய்யாரா’ என்ற பாணியாக இருக்கும். வளைகுடாப் பேச்சில் ‘மால்’ என்பது ‘உடைய’ என்ற பொருளில் நடுவே வரும். எகிப்துக்காரர்கள் அதே இடத்தில் ‘பிதாஅ’ போடுவார்கள். வளைகுடாவின் இந்த ‘மால்’ பைத்துல் மாலில் வரும் அதே மால்தான், சொத்து என்று பொருள். அங்கே சாவி முளாஃப் இல்லை, அதனால் ‘அல்’லோடு நிற்கலாம். காரோடு இளாஃபத்தில் சேர்ந்திருப்பது ‘மால்’. அதற்கு ‘அல்’ இல்லை, பாருங்கள். பேச்சில் இதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், யாரும் தவறு சொல்லமாட்டார்கள். வகுப்பில் எழுதும்போது மட்டும் ‘மால்’ வேண்டாம்.