டிரைவிங் டெஸ்டுக்கு வாழ்த்து சொன்னால் தோழி எரிந்து விழுகிறாள்

கேள்வி: என் தோழிக்கு அடுத்த வாரம் டிரைவிங் டெஸ்ட். நன்றாகவே ஓட்டுவாள். ஆனால் போன தடவை மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது கால் நடுங்கி, வண்டி ஆஃப் ஆகி, அதிலேயே பதறி மிச்சத்தையும் கோட்டை விட்டுவிட்டாள். "இந்தத் தடவை நீ கண்டிப்பா பாஸ், கிளட்சை மட்டும் பட்டுனு விட்றாத"ன்னு நான் சொன்னதற்கு என்மேல் பாய்ந்தாள். சிரிக்க வைக்கிற மாதிரி ஏதாவது அனுப்பலாம் என்று பார்க்கிறேன், என்ன எழுதுவது? டெஸ்ட் அன்று கூடவே போய் நிற்கலாமா?

பதில்: அவள் பாய்ந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. "கண்டிப்பா பாஸ்" என்று கேட்கும்போது, ஃபெயிலானால் உங்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்ற கவலையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைவிடச் சிக்கலானது "பட்டுனு விட்றாத". 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும், வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைப்பு வந்தால் மணி அடிக்க வேண்டும் என்று சிலரிடம் சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்றைத் தவிர்க்க வேண்டும் என்றால் அது வருகிறதா என்று மனசு கண்காணிக்க வேண்டியிருக்கிறது, கண்காணிக்கிற வேலையே அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. மேட்டில் நிற்கும்போது அவளுடைய வெள்ளைக் கரடி அந்தக் கிளட்ச்தான். பழகிப்போய்த் தானாக நடக்கிற கால் அசைவை அவள் உற்றுப் பார்க்க ஆரம்பித்தாலே அது தடுமாறும், பதற்றத்தில் ஏற்கெனவே தொடை நடுங்கிக்கொண்டிருக்கும்போது கேட்கவே வேண்டாம்.

அதனால் உங்கள் வாழ்த்தில் "செய்யாதே" வேண்டாம், நடந்தால் என்ன செய்யலாம் என்பது இருக்கட்டும். போன தடவை வண்டி நின்றது ஒரு விஷயம், அதன்பிறகு பதறியது வேறு விஷயம், அவளைக் கவிழ்த்தது பெரும்பாலும் இரண்டாவதுதான். வண்டி ஆஃப் ஆனால் கை நேராக ஹேண்ட்பிரேக்குக்குப் போக வேண்டும், அப்புறம் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து ஸ்டார்ட் பண்ணி, கண்ணாடிகளைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இது அவளுக்கு நன்றாகத் தெரியும், நீங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த நிமிடத்தில் நினைவுக்கு வந்தால் போதும், அதற்குத்தான் நகைச்சுவை உதவும். ஆனால் ஜோக் வண்டியின் மேல் விழட்டும், அவள் ஓட்டும் லட்சணத்தின் மேல் வேண்டாம். போன தடவை நடந்ததைக் கிண்டலடிப்பதும் வேண்டாம், டெஸ்ட் முடிந்த பிறகு அவளே ஆரம்பித்தால் சேர்ந்து சிரியுங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"நாளைக்கு வண்டி நடுவுல நின்னுச்சுன்னா, பாவம், அதுக்குத்தான் டெஸ்ட் பயம்னு நினைச்சுக்கோ. ஹேண்ட்பிரேக் போட்டு ஒரு மூச்சு விட்டு, அதைச் சமாதானப்படுத்திக் கூட்டிட்டு வா. பாஸோ ஃபெயிலோ, சாயந்திரம் போன் பண்ணு, உன்கிட்ட சொல்ல ஒரு பெரிய கதை இருக்கு. பதில் போட வேணாம், போய்த் தூங்கு டீ."

கதை நிஜமாகவே இருக்கட்டும். சாயந்திரத்துக்கு வேறு பேச்சு காத்திருக்கிறது என்றால் டெஸ்ட் அந்த நாளின் ஒரு பகுதியாகச் சுருங்கிவிடும். "பதில் போட வேணாம்" என்பதும் முக்கியம், பதற்றத்தில் இருப்பவருக்கு நன்றி சொல்வதுகூட ஒரு வேலை. இதை முந்தைய நாள் மாலையே அனுப்பிவிடுங்கள். சீட்டில் ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் போன் அதிர்ந்தால், எவ்வளவு நல்ல வாழ்த்தாக இருந்தாலும் நெஞ்சு ஒருமுறை தூக்கிப்போடும்.

கூடப் போவதைப் பற்றி: 1998-இல் பட்லர், பாமெய்ஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள், திறமை தேவைப்படும் கடினமான வேலைகளைச் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆதரவாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்கள் அதிகம் ஜாக்கிரதைப்பட்டு மெதுவானார்கள், ஆனால் தப்பு குறையவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஆதரவாளர்கள் இருந்தது உதவியதாகத்தான் அவர்களே நினைத்தார்கள். அது டிரைவிங் டெஸ்டில் செய்த ஆய்வு இல்லை, ஆனாலும் மேட்டில் நிற்பவளுக்கு அளவுக்கு மீறிய ஜாக்கிரதை நல்லதல்ல. அவளிடமே கேளுங்கள். வா என்றால் போங்கள், காத்திருக்கும்போது பேச்சுத்துணையாக இருங்கள், அவள் பெயரைக் கூப்பிட்டதும் ஓட்டும் இடம் கண்ணில் படாத பக்கமாக நகர்ந்துவிடுங்கள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டு எதிரே நிற்க மட்டும் வேண்டாம்.

சாயந்திரம் போன் வந்ததும் "பாஸா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள், முடிவை அவளே சொல்வாள். ஒருவேளை ஃபெயில் என்றால், உடனே அடுத்த தேதியைப் பற்றிப் பேசாமல் நீங்கள் வைத்திருந்த கதையைச் சொல்லுங்கள்.